தவணை மோட்டார் சைக்கிள்: பாதிக் காலம் கட்டினாலும் பாதிக் கடன் தீராதது ஏன்?

வாடகைக் கொள்வனவில் மோட்டார் சைக்கிள் எடுத்தவர், தவணைக் காலத்தின் நடுவில் கணக்கை முடிக்கப் போனால், அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடிய தொகையையே கேட்பார்கள். வட்டி மாதாமாதம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதே இதற்குக் காரணம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கிளிநொச்சியில் ஒருவர் 400,000 ரூபா பெறுமதியான மோட்டார் சைக்கிளுக்கு 100,000 ரூபா முற்பணம் கட்டுகிறார். மீதி 300,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 12 சதவீதப்படி இரண்டு ஆண்டுகளுக்கு வட்டி 72,000 ரூபா. மொத்தம் 372,000 ரூபாவை 24 தவணைகளில் கட்டினால், மாதத் தவணை 15,500 ரூபா.

விற்றவர் இந்த 72,000 ரூபாவை விற்ற அன்றே வருமானமாக எழுத முடியாது. மோட்டார் சைக்கிளை விற்றதால் வந்த இலாபம் அன்றைக்குரியது. வட்டியோ காலம் செல்லச் செல்ல உழைக்கப்படுவது. முதல் மாதத்தில் 300,000 ரூபாவும் நிலுவையில் இருப்பதால் வட்டி கூடும். கடைசி மாதத்தில் சிறுதொகையே நிலுவை என்பதால் வட்டி குறையும்.

இதைக் கையால் கணிக்க ‘இலக்கங்களின் கூட்டுத்தொகை’ முறை உதவும். 1 முதல் 24 வரை கூட்டினால் 300. முதல் மாத வட்டி, 72,000 ரூபாவில் 300இல் 24 பங்கு, அதாவது 5,760 ரூபா. இரண்டாம் மாதம் 23 பங்கு, 5,520 ரூபா. இப்படி மாதம் 240 ரூபா குறைந்து, கடைசி மாதத்தில் 240 ரூபாவாகும்.

ஏப்ரல் முதலாம் திகதி விற்று, மார்ச் 31இல் கணக்கை முடிக்கும் கடைக்கு முதல் ஆண்டின் வட்டி வருமானம் 53,280 ரூபா. மீதி 18,720 ரூபா அடுத்த ஆண்டுக்குரியது. முழுவதையும் முதல் ஆண்டிலேயே எழுதினால் வராத இலாபம் வந்ததாகத் தெரியும். மறு ஆண்டு வட்டி வருமானமே இராது.

வாங்கியவரின் பக்கம் பார்ப்போம். 12 மாதத்தில் அவர் கட்டியது 186,000 ரூபா. அதில் 53,280 வட்டிக்குப் போக, முதலில் குறைந்தது 132,720 மட்டுமே. ஆகவே இன்னும் 167,280 ரூபா முதல் பாக்கி. மீதித் தவணைகளின் 186,000 ரூபாவில் இருந்து உழைக்கப்படாத 18,720 ரூபாவைக் கழித்தாலும் இதே தொகைதான் வரும்.

இம்முறை வட்டியைச் சற்று முன்கூட்டியே எடுக்கிறது. நிலுவையின் மீது மாதாமாதம் சரியான வட்டி வீதத்தில் கணித்தால் பாக்கி ஏறக்குறைய 166,000 ரூபாவாகும். அந்த வீதம் மாதத்துக்கு 1.8 சதவீதமளவில், ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். ஒப்பந்தத்தில் சொன்ன 12 சதவீதம், கட்டித் தீர்த்த பணத்துக்கும் சேர்த்தே கணிக்கப்பட்டது.

ஆகவே முற்கூட்டியே முடிப்பவர், வட்டியும் முதலும் மாதவாரியாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையை எழுத்தில் கேட்க வேண்டும். மீதி 186,000 ரூபாவையும் அப்படியே கேட்டால், வராத காலத்துக்கான வட்டியும் அதில் இருக்கிறது என்று பொருள். முடிப்புக் கட்டணம் இருந்தால், அதைத் தனியாகக் காட்டச் சொல்ல வேண்டும்.