பாலில் கலப்படமா? வீட்டு சோதனை எதைக் காட்டும், எதை நிரூபிக்காது?

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் இன்னமும் பல வீடுகளில் பால்காரர் வாசலில் அளந்து ஊற்றும் பால்தான். பாக்கெட்டில் இருக்கிற மாதிரி கொழுப்பு அளவு, தேதி எதுவும் இதில் இருக்காது. அதனால் 'பால் தண்ணியா இருக்கே' என்ற சந்தேகம் வருவது சகஜம்.

இதற்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எனப்படும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சில எளிய வழிகளைச் சொல்கிறது. பளபளப்பான தட்டைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு சொட்டு பால் விட வேண்டும். நல்ல பால் மெதுவாக இறங்கி, பின்னால் வெள்ளைக் கோடு விடும். தண்ணீர் கலந்த பால் தடமே இல்லாமல் சட்டென்று ஓடிவிடும். ஆனால் கொழுப்பு எடுத்த பாலும் வேகமாக ஓடும். எருமைப் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் மெதுவாகவே இறங்கலாம்.

நீலமா மாறினா?

தண்ணீர் கலந்ததை மறைக்க, பால் கெட்டியாகத் தெரிய ஸ்டார்ச் மாவு சேர்ப்பதுண்டு. 2-3 மில்லி பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினில் 2-3 சொட்டு விட்டால், மாவு இருந்தால் நீலமாகும். சூட்டோடு விட்டால் நிறம் தெரியாமல் போகும். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

நீலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே பால்காரரிடம் சண்டைக்குப் போகலாமா? கஞ்சி வடித்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் பால் வாங்கியிருந்தாலும் நீலம் வரும். கழுவிய டம்ளரில் புதிதாக வாங்கி, இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் வந்தால் அது வலுவான சந்தேகம். ஆதாரம் அல்ல.

கண்ணுக்கே தெரியாதது

நிறம் மாறவில்லை என்றால் மாவு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்தது. கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என வந்தது 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 88. இங்கே எடுத்த மொத்த மாதிரிகளே 551தான்!

இதை யாரும் பாலில் கலப்பதில்லை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளத்தை மாடு தின்றால் பாலில் வந்து சேரும். நிறமோ ருசியோ மாறாது, காய்ச்சினாலும் போகாது. ஆய்வகத்தில் மட்டுமே தெரியும்.

ஆதாரம் வேணும்னா?

சந்தேகம் உறுதியானால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் தரலாம். அதிகாரி முறைப்படி மாதிரி எடுத்து, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கவும் முடியும். ஆனால் 'இதை டெஸ்ட்டுக்கு அனுப்பப் போறேன்' என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.