முன்பு காப்புறுதி மறுக்கப்பட்டதா? புதிய பாரத்தில் அதை எப்படி எழுதுவது?

புதிய காப்புறுதி எடுக்கும்போது பாரத்தில் ஒரு கேள்வி இருக்கும்: “உங்கள் விண்ணப்பம் இதற்கு முன் எந்த நிறுவனத்திலாவது மறுக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா, கூடுதல் கட்டணம் அல்லது விலக்குடன் ஏற்கப்பட்டதா?” பலர் இதை வாசிக்காமலே ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறார்கள். சில வேளைகளில் முகவரே குறித்துவிடுவார். பின்னாளில் சிக்கல் வருவது அந்த ஒரு குறியால்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தைப்பிங் பக்கம் லோரி ஓட்டும் 42 வயதுக்காரர் ஒருவர் 2021-இல் மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கிறார். பரிசோதனையில் ரத்த அழுத்தம் 160/100 காட்டுகிறது. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கும்படி நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. “என்னை மறுக்கவில்லையே, பிறகு வரச் சொன்னார்கள், அவ்வளவுதானே” என்று அவர் விட்டுவிடுகிறார். 2023-இல் வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்து, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்கிறார். அடுத்த ஆண்டு நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர, 20,000 ரிங்கிட் பில் வருகிறது. நிறுவனம் அவருடைய சம்மதக் கையெழுத்துடன் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குகிறது. பழைய கதை வெளியே வருகிறது.

ஒத்திவைப்பும் அந்தக் கேள்விக்குள் அடங்கும். கூடுதல் கட்டணம் கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9-ஆவது அட்டவணைப்படி, தனிநபர் காப்புறுதி எடுப்பவர் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தகுந்த கவனத்துடன் பதில் சொல்லவேண்டும். தவறான பதில் எப்படி நேர்ந்தது என்பதைப் பொறுத்தே விளைவு இருக்கும். தெரிந்தே மறைத்திருந்தால், நிறுவனம் காப்புறுதியை ரத்து செய்து கோரிக்கைகளை மறுக்கலாம். கட்டிய சந்தாவையும் பொதுவாகத் திருப்பித் தரவேண்டியதில்லை. கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். ஏற்றே இருக்காது என்றால் காப்புறுதி ரத்தாகும், ஆனால் சந்தா திரும்பக் கிடைக்கும். கூடுதல் சந்தா கேட்டிருக்கும் என்றால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும். நம் லோரிக்காரர் மாதம் 160 ரிங்கிட் கட்டினார், உண்மையில் 200 கட்டியிருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 80 விழுக்காடு, அதாவது 16,000 ரிங்கிட். மீதி 4,000 அவர் கையிலிருந்து போகும்.

ஆயுள் காப்புறுதிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தால், மோசடியாக மறைத்ததை நிரூபிக்காமல் நிறுவனம் அதை ரத்து செய்ய முடியாது.

பழைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது வேறு விஷயம். மருத்துவ அட்டை எடுத்த முதல் 30 நாளுக்குள், அல்லது குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளுக்குள் சேர்ந்ததால் பணம் தரவில்லை என்றால், அது காத்திருப்புக் காலத்தால் வந்த மறுப்பு. எழுதினால் பெரிய பாதகம் வராது. ஆனால் எந்த நோய்க்காகச் சேர்ந்தீர்கள் என்பதைப் புதிய நிறுவனம் கட்டாயம் பார்க்கும். ஆகவே நோயையும் மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

எழுதும் முறை எளிது. எந்த நிறுவனம், எந்த மாதம், என்ன வகைக் காப்புறுதி, என்ன முடிவு, என்ன காரணம், இப்போது என்ன மருந்து, கடைசி அளவு எவ்வளவு என்று வரிசையாக எழுதினால் போதும். பழைய கடிதம் இருந்தால் நகல் வையுங்கள். தொலைந்திருந்தால் அந்த நிறுவனத்திடமே நகல் கேளுங்கள்; தேதி சரியாக நினைவில் இல்லை என்றால் ‘ஏறக்குறைய’ என்று குறியுங்கள். “அதெல்லாம் போடவேண்டாம், ஒன்றும் ஆகாது” என்று முகவர் சொன்னாலும் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்து உங்களுடையது. கையெழுத்திட்ட பாரத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று குறித்துவிட்டீர்களா? கோரிக்கை எழும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் திருத்தம் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்குங்கள். சந்தா ஏறலாம், ஒரு நோய்க்கு விலக்கு வரலாம். புதிதாகக் கையில் கிடைத்த காப்புறுதி என்றால், 15 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியுண்டு. எதுவும் இல்லாமல் மருத்துவமனை வாசலில் நிற்பதைவிட இது மேல்.