ஒருகை வழிசெலுத்தல் வடிவமைப்பு

பெரிய திரைக் கைபேசியை ஒரே கையில் பிடித்து, அந்தக் கையின் கட்டைவிரலாலேயே இயக்குபவருக்கு மெனு, தேடல், பின்செல்லும் பட்டன் போன்றவை எட்டும்படி திரையை வகுக்கும் முறையே ஒருகை வழிசெலுத்தல் வடிவமைப்பு. மற்றொரு கையில் பையோ குழந்தையோ பேருந்துக் கம்பியோ இருக்கும்போது செயலி எவ்வளவு எளிதாக இயங்குகிறது என்பதே இதன் கேள்வி.

2007இல் வந்த முதல் ஐபோனின் உயரம் 115 மி.மீ., அகலம் 61 மி.மீ.; திரை 3.5 அங்குலம். அதன் எந்த மூலையையும் பெரும்பாலானோரின் கட்டைவிரல் தொட்டுவிடும். 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையோடு வந்தது. 2014இல் ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத்தைத் தொட்டது. 2023இன் ஐபோன் 15 புரோ மேக்ஸ் கிட்டத்தட்ட 160 மி.மீ. உயரமும் 77 மி.மீ. அகலமும் கொண்டது. பதினாறு ஆண்டுகளில் கைபேசி 45 மி.மீ. நீண்டுவிட்டது, ஆனால் சிறிய திரைக்காக வகுத்த அமைப்பு பல செயலிகளில் அப்படியே தங்கிவிட்டது. பின்செல்லும் அம்புக்குறியும் மூன்று கோடு மெனுவும் இன்றும் பெரும்பாலும் மேல் இடது மூலையில்தான் இருக்கின்றன. வலது கையில் பிடித்தவரின் கட்டைவிரலுக்கு அதைவிடத் தொலைவான இடம் திரையில் இல்லை.

கட்டைவிரலின் வீச்சு

கட்டைவிரல் மணிக்கட்டை ஒட்டிய மூட்டிலிருந்து அசைகிறது. ஆகவே அதன் நுனி நேர்க்கோட்டில் போவதில்லை. காரின் கண்ணாடித் துடைப்பான்போல ஒரு வில்லை வரைகிறது. வலது கையில் இந்த வில் திரையின் கீழ் இடப்புறத்திலிருந்து நடுவழியாக வலது ஓரம் வரை வளைகிறது. அதற்கு மேலே உள்ளதை எட்ட விரலை நீட்ட வேண்டும், அல்லது பிடியை மாற்ற வேண்டும். பலர் கவனிக்கத் தவறும் சிக்கலான இடம் இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு மிக அருகில் உள்ள கீழ் வலது மூலையைத் தொட விரலை முழுதாக மடக்க வேண்டியிருக்கும். அதாவது, கீழே இருப்பதெல்லாம் எளிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2014இல் ஆய்வாளர்கள் பெர்க்ஸ்ட்ரம்-லெஹ்டோவிர்டாவும் ஔலாஸ்விர்டாவும் இந்த வீச்சைக் கணிக்கும் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். திரையின் அளவு, கையின் அளவு, கைபேசியின் முதுகில் சுட்டுவிரல் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வீச்சைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். மூன்றாவது காரணிதான் நடைமுறையில் முக்கியமானது. சுட்டுவிரல் மேலே நகர்ந்தால் வீச்சும் மேலே நகர்கிறது. ஒரே ஆள் ஒரே நிமிடத்துக்குள் இதைப் பலமுறை செய்கிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி இணையத்தில் சுற்றும் 'கட்டைவிரல் வரைபடங்கள்' தொடக்கத்துக்கு உதவும். அவற்றின் எல்லைக்கோட்டை மில்லிமீட்டர் கணக்கில் நம்புவது தவறு.

பிடி எப்படி மாறுகிறது என்பதைப் பொது இடங்களில் நின்று கவனித்தவர் ஸ்டீவன் ஹூபர். அவர் 2013இல் வெளியிட்ட கணக்கில் 1,333 பேர் இருந்தனர். அவர்களில் 780 பேர் அந்த நேரத்தில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தனர். தொட்டவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால் இயக்கினர். அப்படி இயக்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இடது கட்டைவிரலைப் பயன்படுத்தினர். அன்றைய கைபேசிகள் சிறியவை என்பதால் 49 என்ற எண்ணை இன்றைய திரைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இடது கை பற்றிய செய்தி பழையதாகிவிடவில்லை. வலது கையில் வேறு வேலை இருந்தால் வலக்கையரும் இடது கையில்தான் கைபேசியைப் பிடிப்பார். வலது ஓரத்தில் ஒரு மிதக்கும் பட்டனை வைத்துவிட்டு ஒருகைப் பயன்பாட்டைத் தீர்த்துவிட்டதாகச் சொல்வது இந்த மூன்றில் ஒரு பங்கினரை விட்டுவிடுவதாகும். இரு கைக்கும் பொதுவானது, திரையின் கீழ்ப்பகுதியில் முழு அகலத்துக்கும் விரியும் பட்டன்.

தொடும் அளவு

பட்டன் எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, தவறாமல் தொடவும் முடிய வேண்டும். ஒருகைக் கட்டைவிரலுக்கான 2006ஆம் ஆண்டு ஆய்வொன்றில் பர்ஹி, கார்ல்சன், பெடர்சன் ஆகியோர் தனித்த ஒரு தொடுகைக்கு 9.2 மி.மீ. அளவைப் பரிந்துரைத்தனர். ஆப்பிளின் வழிகாட்டி கேட்பது 44 பாயின்ட். ஐபோன் 15 புரோ மேக்ஸில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6 பாயின்ட் என்பதால் 44 பாயின்ட் 7.3 மி.மீ.தான் வரும், 9.2 மி.மீ.க்கு 55 பாயின்ட் வேண்டும். எனவே 44ஐக் குறைந்தபட்ச அளவாகக் கொண்டு, அடிக்கடி தொடும் பட்டன்களை அதைவிடப் பெரிதாக வைப்பதே சரி. அந்தத் திரையின் அகலம் 430 பாயின்ட். கீழ்ப் பட்டையில் ஐந்து டேப்களை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 86 பாயின்ட், அதாவது 14 மி.மீ. கிடைக்கும். கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி கீழ்ப் பட்டைக்கு மூன்று முதல் ஐந்து இடங்களைப் பரிந்துரைக்கிறது. ஆறாவதைச் சேர்த்தாலும் தொட முடியும். ஆனால் பெயர்கள் நசுங்கும். தமிழ்ப் பெயர்கள் நீளமானவை என்பதால் இன்னும் முன்னதாகவே நசுங்கும்.

சஃபாரி முகவரிப் பட்டை: ஒரு வழக்கு

கீழே நகர்த்துவது எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதை ஆப்பிளின் சஃபாரி உலாவி தெளிவாகக் காட்டுகிறது. முதல் ஐபோனிலிருந்தே முகவரிப் பட்டை மேலே இருந்தது. 2021 ஜூனில் அறிமுகமான ஐ.ஓ.எஸ். 15இன் சோதனைப் பதிப்பில் ஆப்பிள் அதைக் கீழே கொண்டுவந்தது. ஆனால் கூடவே வேறு சில மாற்றங்களையும் செய்தது. பட்டை பக்கத்தின் மேல் மிதந்தது. பக்கத்தைப் புதுப்பித்தல், பகிர்தல் போன்ற அன்றாட வேலைகள் மூன்று புள்ளி மெனுவுக்குள் போயின. முன்பு ஒரே தொடுகையில் முடிந்தது இப்போது இரண்டு கேட்டது. பட்டை பக்கத்தின் எழுத்தை மறைத்தது. கீழ் விளிம்பில் தமக்கென்று பட்டன் வைத்திருந்த இணையதளங்களோடு மோதியது.

எதிர்ப்பு வலுத்தது. அடுத்தடுத்த சோதனைப் பதிப்புகளில் ஆப்பிள் பின்வாங்கிக்கொண்டே வந்தது. ஆகஸ்டில் பட்டை விளிம்போடு ஒட்டியது. அதன் கீழே பின்செல்லல், பகிர்தல், டேப்கள் கொண்ட பழைய வரிசை திரும்பியது. முகவரிப் பட்டையை மேலேயே வைத்துக்கொள்ளும் தேர்வும் வந்தது. செப்டம்பர் 20 அன்று அந்த வடிவமே வெளியானது. பட்டையின் மீது இடம் வலமாகத் தேய்த்து அடுத்த டேப்புக்குப் போகும் வசதி நிலைத்தது. கட்டைவிரலின் வில் கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாகவே ஓடுவதால் அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆப்பிள் தேர்ந்த இடம் சரியானதே. ஒரு பட்டனை எட்டச்செய்வதற்காக மற்ற பட்டன்களை ஒளித்ததுதான் தவறு.

சஃபாரி இதில் முன்னோடியும் அல்ல. 2011இலேயே விண்டோஸ் போனின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையைக் கீழே வைத்திருந்தது. கூகுள் 2016 முதல் குரோமில் இதே எண்ணத்தைச் சோதித்து, 2018இல் கைவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் கீழ்ப் பட்டை ஒரு விருப்பத் தேர்வாக வந்தது 2025இல்தான்.

கீழ் விளிம்பின் போட்டி

கீழ் விளிம்பு செயலிக்கு மட்டும் சொந்தமானதல்ல. முகப்புப் பட்டன் இல்லாத ஐபோன்களில் அங்கிருந்து மேலே தேய்த்தால் செயலியை விட்டு வெளியேறலாம். அதற்காகக் கீழே 34 பாயின்ட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதிக்குள் பட்டனை வைத்தால், தொட முயன்ற விரல் சற்றே வழுக்கும்போது பக்கம் சுருங்கி மேலே எழும். சோதனையில் இது நடந்தால் பட்டன் தாழ்ந்துவிட்டது என்று பொருள். இணையப் பக்கத்தில் இதற்கான தீர்வு எளிது:

```css
.bottom-bar {
  position: fixed;
  left: 0; right: 0; bottom: 0;
  padding-bottom: env(safe-area-inset-bottom);
}
```

பக்கத்தின் viewport குறிப்பில் `viewport-fit=cover` இருந்தால்தான் இந்த அளவு கிடைக்கும். `100vh` உயரம் கொடுத்த பக்கத்தில் உலாவியின் பட்டைக்கு அடியில் கடைசிப் பட்டன் மறைந்துபோவதும் அடிக்கடி காணும் கோளாறு. `100dvh` என்று மாற்றினால் அது தீரும்.

பக்க விளிம்புகளிலும் இதே போட்டி உண்டு. 2013இன் ஐ.ஓ.எஸ். 7 இடது விளிம்பிலிருந்து தேய்த்துப் பின்செல்லும் வழியைத் தந்தது. 2019இன் ஆண்ட்ராய்டு 10 அதை இரு விளிம்புக்கும் விரித்தது. ஒருகைப் பயனருக்கு ஆண்ட்ராய்டின் முடிவே உகந்தது. ஆனால் இடது விளிம்பிலிருந்து இழுத்துத் திறக்கும் பழைய மெனுக்கள் அதனால் முடங்கின. ஒரு விளிம்பில் 200 டி.பி. உயரத்துக்கு மேல் எந்தச் செயலியும் இந்தச் சைகையை விலக்கிவைக்க முடியாது.

இயங்குதளத்தின் ஒட்டுவேலைகள்

ஐபோன் 6 உடன் ஆப்பிள் 'ரீச்சபிலிட்டி' என்ற வசதியைத் தந்தது. முகப்புப் பட்டனை அழுத்தாமல் இருமுறை தொட்டால் திரையின் மேற்பகுதி கீழே இறங்கும். புதிய ஐபோன்களில் கீழ் விளிம்பில் கீழ்நோக்கித் தேய்க்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவருக்குத்தான் அதனால் பயன். 2018 நவம்பரில் சாம்சங் அறிவித்த 'ஒன் யு.ஐ.' வேறு வழியில் போனது. செட்டிங்ஸ் போன்ற செயலிகளில் மேற்பகுதியைப் பெரிய தலைப்புக்கு விட்டுவிட்டு, தொட வேண்டிய பட்டியலைக் கீழே தொடங்கியது. பயனர் எதையும் கற்க வேண்டியதில்லை என்பதால் இது மேலான தீர்வு.

எல்லாவற்றையும் கீழே குவிப்பதும் சரியல்ல. உள்ளங்கையும் கட்டைவிரலின் அடியும் தவறிப் படுவது அங்கேதான். அழித்தல், வெளியேறுதல் போன்றவை சற்று எட்டாமல் இருப்பதே நல்லது. கீழிருந்து எழும் தகடுகளில் பொதுவாக நேரும் பிழை வேறு. தகடு முழு உயரத்துக்கு வளர்ந்ததும் அதை மூடும் பெருக்கல் குறி மேல் மூலைக்குப் போய்விடுகிறது. கீழே இழுத்து மூடலாம் என்பது போதுமான பதில் அல்ல. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 தரம், இழுக்காமல் தொட்டே முடிக்கும் மாற்று வழியும் வேண்டும் என்கிறது.

இவற்றைக் கணினித் திரையின் மாதிரியில் சோதித்துப் பயனில்லை. அங்கே சுட்டெலி எல்லா மூலைகளையும் ஒரே எளிமையோடு எட்டுகிறது. உண்மைக் கைபேசியைக் கொடுத்து, பயனரின் மற்றொரு கையில் ஒரு பையைக் கொடுத்து, நடந்தபடி வேலையை முடிக்கச் சொல்லுங்கள். பிடி மாறும் இடம், கைபேசி சாயும் இடம், பையை வைத்துவிட்டு இரண்டாவது கை வரும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடது கைக்கு மாற்றி, அதே வேலையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.