கோலிக் அழுகை

பச்சிளங்குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடையும் ஏறிவரும் நிலையில், காரணம் புலப்படாமல் நாள்தோறும் நெடுநேரம் வீறிட்டு அழுவது கோலிக் எனப்படும். வீட்டுப் பேச்சில் இதை வயிற்று முறுக்கல், வயிற்று உப்புசம் என்பார்கள்.

இதற்கு மருந்து தேடிய வரலாறு நெடியது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகர மருந்தாளர் வில்லியம் உட்வர்ட் 1851-இல் கிரைப் வாட்டரை உருவாக்கினார். சதுப்புநிலக் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குத் தரப்பட்ட மருந்தே அதற்கு முன்மாதிரி. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சாராயமும் அதில் கலந்திருந்தது. குழந்தை அமைதியானதில் சாராயத்துக்கும் சர்க்கரைக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். பின்னாளில் சாராயம் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் புட்டிக்கு முன்பே இடம்பிடித்தது வசம்பு. அதைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்பிலுள்ள அசரோன் நச்சுத்தன்மை உடையது என்பதால் அதைக் குழந்தைக்குத் தரக் கூடாது.

1954-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெசல் குழுவினர் மூன்றின் விதியை வகுத்தனர். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகையே கோலிக் என்பது அவ்விதி. ஆறு வாரக் குழந்தை ஒன்று மாலை 6 மணிக்குத் தொடங்கி 9.30 வரை அழுகிறது என்று கொள்வோம். முகம் சிவக்கிறது, கால்களை வயிற்றோடு மடக்குகிறது, கை முட்டி இறுகுகிறது, காற்றும் பிரிகிறது. வாரத்தில் ஐந்து நாள் இப்படி, ஒரு மாதமாக நடக்கிறது. மற்ற நேரத்தில் சிரித்துக்கொண்டு பால் குடிக்கிறது. இது வெசல் விதிக்குள் அடங்கும். காற்று பிரிவதைக் கண்டு வாயுக் கோளாறு என்று முடிவுகட்டுகிறோம். உண்மையில் வாய் திறந்து அழும்போது விழுங்கும் காற்றே வயிற்றில் சேர்கிறது. 2016-இல் வந்த ரோம் நான்காம் வரையறை இந்த மணிக்கணக்கைக் கைவிட்டது.

அழுகை பிறந்த இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். உறுதியான மருந்து இல்லை. தோளில் சாய்த்து ஏப்பம் எடுப்பது, மார்போடு அணைத்து நடப்பது, விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது ஆகியவை ஓரளவு உதவும். பொறுமை எல்லை மீறினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும்.

பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், 100.4 பாரன்ஹீட்டுக்குக் குறையாத காய்ச்சல், பால் மறுத்தல், துவண்டு கிடத்தல், தொடை இடுக்கில் புடைப்பு ஆகியவை கோலிக்கின் அடையாளங்கள் அல்ல. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோலிக் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் தானே நின்றுவிடும். ஐந்தாம் மாதம் கடந்தும் அழுகை நீடித்தால் வேறு காரணம் தேடப்பட வேண்டும்.