கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் பிறந்த கதை

1913-ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆய்வாளர் முயல்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். தூய கொலஸ்ட்ராலை எடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து, முயல்களுக்கு ஊட்டினார். சில மாதங்களில் அவற்றின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்பு படிந்தது. வெறும் எண்ணெய் மட்டும் தின்ற முயல்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கொலஸ்ட்ரால் வேறு, தாவர எண்ணெய் வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. எண்ணெயில் அது ஏற்கெனவே இருந்திருந்தால், தனியாகக் கரைத்துக் கொடுக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். நம் கல்லீரலும் அதைத் தினமும் செய்கிறது. தாவரங்களின் செல் சவ்வில் கொலஸ்ட்ராலின் வேலையைப் பெரும்பாலும் சிட்டோஸ்டெரால் போன்ற வேறு ஸ்டெரால்கள் செய்கின்றன. நுணுக்கமாக அளந்தால் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ராலின் சுவடு தென்படும். ஆனால் ஒரு கிலோ எண்ணெய்க்குச் சில மில்லிகிராம், மிஞ்சிப்போனால் சில பத்து மில்லிகிராம்தான். ஒரே ஒரு முட்டையில் ஏறத்தாழ 190 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே எந்தத் தொழிற்சாலையும் எண்ணெயிலிருந்து கொலஸ்ட்ராலை நீக்கித் தரவில்லை. செக்கில் ஆட்டினாலும் சுத்திகரித்தாலும், புட்டியில் காணும் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வரி உண்மைதான்.

பிறகு ஏன் அதை எழுத வேண்டி வந்தது? அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் ஒரு பயமாக மாறியதால்தான். 1961-ல் அமெரிக்க இதய சங்கம், விலங்குக் கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. 1984-ல், ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அந்த ஆண்டு ‘டைம்’ இதழின் அட்டையில், இரண்டு முட்டைகள் கண்களாகவும் ஒரு பன்றியிறைச்சித் துண்டு தொங்கிய வாயாகவும் அமைந்த சோக முகம் வந்தது. கடைக்குப் போன பலரும் அந்த ஒரு சொல்லைத் தேடத் தொடங்கினார்கள். எண்ணெய்க்காரர்களுக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புட்டியில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சடித்தால் போதும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1991 மே மாதத்தில் இதில் தலையிட்டது. க்ரிஸ்கோ சோள எண்ணெய், மசோலா சோள எண்ணெய் உள்ளிட்டவற்றின் லேபிளிலிருந்து அந்த வாசகத்தை எடுக்கச் சொன்னது. வாசகம் பொய் என்று அது சொல்லவில்லை. எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு. அந்த வரியைப் படிப்பவர் கொழுப்பே குறைவு என்று எண்ணிவிடுகிறார் என்பதுதான் அதன் வாதம்.

1993-ல் வந்த விதிகள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தன. ஒரு பரிமாறலில் கொலஸ்ட்ரால் 2 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது மட்டும் போதாது. நிறைவுற்ற கொழுப்பும் 2 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த வகை உணவில் இயல்பாகவே கொலஸ்ட்ரால் இல்லை என்பதும் புரியும்படி எழுத வேண்டும். கொழுப்பு மிகுந்த பொருள் என்றால் அதன் அளவையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

இந்த விதியை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், அதாவது சுமார் 14 கிராமில், பொருத்திப் பார்க்கலாம். சோள எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, தேறிவிடும். பாமாயிலில் 7 கிராமை நெருங்கும். தேங்காய் எண்ணெயில் 11 கிராமுக்கு மேல். இரண்டுக்கும் அந்த வாசகம் கிடையாது. கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல். கொலஸ்ட்ராலை விலக்கும் வேகம் குறைகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய வனஸ்பதியும் தாவர எண்ணெயில் பிறந்ததால் கொலஸ்ட்ரால் அற்றதே. எனினும் அதில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் கெடுதல்.

இந்தியாவிலும் ‘கொலஸ்ட்ராலை எதிர்க்கும்’, ‘இதயத்துக்கு இதமான’ போன்ற மிகைச் சொற்களைச் சமையல் எண்ணெய் லேபிளில் போட உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதித்தன. ஊட்டச்சத்து அட்டவணையில் மட்டும் கொலஸ்ட்ரால் வரிசையில் எல்லா எண்ணெய்க்கும் 0 என்றே இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான அந்த எண்ணை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நிறைவுற்ற கொழுப்பு வரிசையில்தான் வித்தியாசம் தெரியும்: 100 கிராமுக்குச் சூரியகாந்தியில் 11 கிராம் போல, நல்லெண்ணெயில் 14 போல, பாமாயிலில் 50-ஐ ஒட்டி, தேங்காய் எண்ணெயில் 80-க்கும் மேல். டிரான்ஸ் கொழுப்பு வரிசையையும் பார்த்துவிட வேண்டும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதால், எதை வாங்குகிறோம் என்பதோடு, மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.