கொள்கலன் நினைவக மீறல் நிறுத்தம்

கொள்கலன் நினைவக மீறல் நிறுத்தம் என்பது, ஒரு கொள்கலனின் நினைவகப் பயன்பாடு அதன் உச்சவரம்பைத் தொட்டு, மீட்கக்கூடிய இடமும் தீர்ந்தபின், லினக்ஸ் கெர்னல் அதிலுள்ள செயல்முறையை `SIGKILL` கொண்டு முடிப்பதாகும். வரம்பு, சிகுரூப் இரண்டாம் பதிப்பில் `memory.max` கோப்பில் உள்ளது. கணினியில் நினைவகம் மிச்சமிருந்தாலும் இது நிகழும்.

இந்தச் சமிக்ஞையை நிரலால் பிடிக்க இயலாது. ஆகவே அதன் பதிவேடு பிழைச்செய்தியின்றி நடுவில் அறுந்திருக்கும். வெளியேற்றக் குறியீடு 137 (128+9). இக்குறியீடு மட்டும் சான்றாகாது. வேறு காரணத்தால் அனுப்பப்பட்ட `SIGKILL` கூட இதையே தரும். குபெர்னெட்டீஸில் `OOMKilled` என்ற காரணமும், `dmesg` வெளியீட்டில் `Memory cgroup out of memory` என்ற வரியும் உறுதிப்படுத்தும்.

512 எம்பி வரம்புள்ள கொள்கலனில் ஜாவா நிரலை `-Xmx512m` என இயக்குவது பரவலான தவறு. ஹீப்புக்கு வெளியே இழைகளின் அடுக்குகள், மெட்டாஸ்பேஸ், தொகுக்கப்பட்ட குறிநிரல் ஆகியவையும் இடம்பெறுவதால், ஹீப் நிரம்புமுன்பே வரம்பு மீறப்படும். அவை 150 எம்பி எடுப்பதாக அளவிடப்பட்டால், ஹீப்பை 300 எம்பியாகக் குறைக்கலாம். அல்லது வரம்பை 768 எம்பியாக உயர்த்தலாம். சராசரியைவிட, உச்சச் சுமையின்போது அளந்த பயன்பாடே வரம்புக்கு அடிப்படை. பயன்பாடு ஓய்வின்றி ஏறிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் நினைவகக் கசிவு. அப்போது வரம்பை உயர்த்துவது நிறுத்தத்தைத் தள்ளிப்போட மட்டுமே செய்யும்.