ஆதார் கியூஆர் குறியீடு

ஆதார் கியூஆர் குறியீடு என்பது ஆதார் ஆவணத்தில் அச்சிடப்படும் சதுர வடிவக் குறியீடாகும். கியூஆர் குறியீட்டை ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களை இனங்காண 1994-இல் உருவாக்கியது.

தொடக்கத்தில் ஆதார் குறியீட்டில் பெயர், பிறந்த ஆண்டு, முகவரி போன்றவை வெறும் உரையாகவே இருந்தன. எனவே போலி அட்டையை அச்சிடுபவர் அதற்கேற்ற குறியீட்டையும் தாமே உருவாக்க முடிந்தது. 2018-இல் அறிமுகமான புதிய குறியீட்டில் விவரங்களுடன் சிறிய ஒளிப்படமும், ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பமும் சேர்ந்தன. குறியீட்டின் இறுதி 256 பைட்டுகள் இக்கையொப்பமாகும். விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

ஆனால் கையொப்பம் குறியீட்டை மட்டுமே காக்கும், அச்செழுத்தைக் காப்பதில்லை. ஒருவரின் உண்மைக் குறியீட்டை வேறொருவர் பெயருள்ள அட்டையில் ஒட்டினாலும் கையொப்பச் சோதனை வெற்றி பெறும். எனவே ஆவணத்தின் படத்திலிருந்து குறியீடு, எழுத்து இரண்டையும் தனித்தனியே படித்து ஒப்பிடுகின்றனர். முழு ஆதார் எண் புதிய குறியீட்டில் இல்லாததால், அதன் கடைசி 4 இலக்கங்களே ஒப்பிடப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, குறியீட்டில் பிறந்த ஆண்டு 1988 என்றும் எழுத்துணரியில் 1983 என்றும் வந்தால், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அச்சில் 8 இருந்தால் அது எழுத்துணரியின் பிழை. தெளிவாக 3 இருந்தால் அச்சு திருத்தப்பட்டிருக்கலாம். மங்கலான படத்தில் எழுத்துணரி தவறான இலக்கத்தைத் தந்துவிடும். குறியீடோ பெரும்பாலும் படிக்கப்படாமலே போகும்.